பாதிப் பணத்துக்கு முழு ரசீது வேண்டாம்
இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பைசல் ரசீதில் கையெழுத்திடுமுன் படித்துப் பார்க்க வேண்டியவை

கிராமத்தில் புரோநோட்டு எழுதிக் கடன் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் ஒரு விஷயம் தெரியும். கடன் வாங்கியவர் பாதிப் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தால், நோட்டின் பின்புறம் 'வரவு' என்று தேதி போட்டு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். நோட்டைத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். பாக்கி முழுவதும் தீர்ந்த பிறகுதான் நோட்டு கைமாறும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட இதில் ஏமாறுவதில்லை.

ஆனால் இதே விவசாயி, இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமிருந்து தமக்கு வரவேண்டிய நஷ்ட ஈட்டில் ஒரு பகுதி மட்டும் வரும்போது, பாக்கிக்கும் சேர்த்து நோட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு வருகிறார். அவர் கையெழுத்துப் போடும் அந்தத் தாளுக்கு 'டிஸ்சார்ஜ் வவுச்சர்' என்று பெயர். பைசல் ரசீது என்று சொன்னால் நம் பக்கத்தில் விளங்கும். பார்வைக்கு அது வெறும் ரசீது போலத்தான் இருக்கும். ஒரு பக்கத் தாள். நடுவில் தொகை எழுத இடம். கீழே ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டக் கட்டம். ஆனால் அந்தத் தாளுக்குள் இரண்டு வேலைகள் ஒன்றாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. 'இன்ன தொகை பெற்றுக்கொண்டேன்' என்பது ஒன்று. 'இத்துடன் என் கோரிக்கை முழுமையாகவும் இறுதியாகவும் தீர்ந்தது. இனி இதுபற்றி எந்த உரிமையும் கொண்டாட மாட்டேன்' என்பது இன்னொன்று. முதலாவது ரசீது. இரண்டாவது, அண்ணன் தம்பிகளுக்குள் எழுதிக்கொள்ளும் விடுதலைப் பத்திரத்துக்கு ஒப்பானது. விடுதலைப் பத்திரம் எழுத பத்திர ஆபீசுக்குப் போகும்போது நாலு பேரைக் கேட்டுக்கொண்டு போகிறவர்கள், இதை ஏஜெண்டின் மோட்டார் சைக்கிள் சீட்டின் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள்.

பயிர்க் காப்பீட்டில் இந்தத் தாள் பெரும்பாலும் குறுக்கே வருவதில்லை. பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் நஷ்டம் வட்டார அளவில் கணக்கிடப்பட்டு, தொகை நேரே வங்கிக் கணக்கில் விழுகிறது. ஆகவே நெல்லுக்கு இன்ஷூரன்ஸ் பணம் வாங்கிப் பழகியவர்களுக்கு இந்தத் தாளைப் பற்றித் தெரிய வாய்ப்பில்லை. டிராக்டர், கறவை மாடு, மோட்டார் பம்புசெட்டு, வீடு, வைக்கோல் போர் என்று தனித்தனியாகப் பாலிசி எடுத்து, அதில் நஷ்டம் கேட்கும்போதுதான் அது முதல் தடவையாகக் கைக்கு வருகிறது. அந்த நேரத்தில் பணமுடையும் உச்சத்தில் இருக்கும்.

ஒரு டிராக்டர் கணக்கு

தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசையில் ஒரு விவசாயி, வங்கிக் கடனில் டிராக்டர் வாங்கி, தம் வயலை உழுவதோடு அக்கம்பக்கத்திலும் கூலிக்கு உழுகிறார் என்று கொள்ளலாம். சாரல் காலம். கார் நடவுக்கு உழவு நடக்கிற சமயம். ஈர வரப்பு சரிந்து டிராக்டர் வாய்க்காலுக்குள் கவிழ்கிறது. ஆளுக்கு அடி இல்லை, வண்டிக்குத்தான் சேதம். வண்டி வாங்கி மூன்று ஆண்டு நான்கு மாதம் ஆகியிருக்கிறது. பாலிசி நடப்பில் இருக்கிறது.

கம்பெனிக்குத் தகவல் சொன்னதும் சர்வேயர் வருகிறார். நிலம் அளக்கிற சர்வேயர் அல்ல; நஷ்டத்தை மதிப்பிடுகிறவர். அவர் படம் எடுத்துக்கொண்டு, ஒர்க்‌ஷாப் மதிப்பீட்டைப் பார்த்துவிட்டுப் போகிறார். ரிப்பேர் முடிந்து பில் வருகிறது. இரும்புப் பாகங்கள் ரூ.80,000, பேட்டரி, ரப்பர், பிளாஸ்டிக் சாமான்கள் ரூ.24,000, வேலைக் கூலி ரூ.20,000. மொத்தம் ரூ.1,24,000.

இந்த முழுத் தொகையும் கிடைக்கும் என்று அவர் எதிர்பார்த்தால் அது தவறு. பழைய பாகத்துக்குப் பதில் புதுப் பாகம் போடுவதால் தேய்மானம் என்று கழிக்கப் பாலிசியே இடம் கொடுக்கிறது. இரும்புப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பார்த்துக் கழிப்பார்கள். மூன்று ஆண்டு தாண்டி நான்கு ஆண்டுக்குள் இருந்தால் நூற்றுக்கு 25. ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரி வகைகளுக்கு வயது எதுவானாலும் பாதி. கூலிக்குக் கழிவு இல்லை. அந்தக் கணக்குப்படி இரும்புக்கு ரூ.60,000, மற்றவைக்கு ரூ.12,000, கூலி ரூ.20,000. ஆக ரூ.92,000. பாலிசியில் 'கட்டாயப் பிடித்தம்' என்று ஒரு தொகை எழுதியிருக்கும். அது ரூ.2,000 என்று வைத்தால், கைக்கு வரவேண்டியது ரூ.90,000. (டயர், விளக்கு, மட்கார்டு இவற்றின் சேதத்துக்கு, வண்டி முழுதாக அழிந்தால் ஒழிய, இத்தகைய வண்டிகளுக்குச் சாதாரணப் பாலிசியில் பணம் கிடையாது. கூடுதல் பிரீமியம் கட்டி ஐ.எம்.டி.23 என்ற இணைப்பைச் சேர்த்திருந்தால்தான் உண்டு. பாலிசி எடுக்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டியது இது.)

கம்பெனியிலிருந்து வவுச்சர் வருகிறது. அதில் எழுதியிருப்பது ரூ.60,000.

ரூ.30,000 எங்கே போயிற்று? விசாரித்தால், கலப்பையைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் பாகங்களுக்கான ரூ.40,000-ஐ சர்வேயர் சேர்க்கவில்லை என்று தெரிகிறது. 'அது கவிழ்ந்ததில் உடைந்ததல்ல, ஏற்கெனவே தேய்ந்து போனது' என்பது அவர் கருத்து. ரூ.40,000-த்தில் கால் பாகம் தேய்மானம் போக நிற்பது ரூ.30,000. அதுதான் குறைந்திருக்கிறது.

இங்கே நிலைமையைத் தெளிவாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ரூ.60,000 பற்றி யாருக்கும் தகராறு இல்லை. கொடுக்க வேண்டியதுதான் என்று கம்பெனியே ஒப்புக்கொண்ட தொகை அது. தகராறெல்லாம் ஹைட்ராலிக் பாகத்தின் ரூ.30,000 பற்றித்தான். கவிழ்வதற்கு முந்தின நாள் வரை அந்த டிராக்டர் கலப்பையைத் தூக்கி உழுதது என்பதற்குக் கூலி கொடுத்தவர்கள் சாட்சி சொல்வார்கள். உடைந்த பாகம் ஒர்க்‌ஷாப்பில் கிடக்கிறது. மெக்கானிக்கின் சீட்டும் இருக்கிறது. விவசாயி தரப்பில் நியாயம் இருக்கக்கூடும். சர்வேயர் சொல்வதும் சரியாக இருக்கலாம். அதை விசாரித்துத் தீர்க்க ஒரு இடம் வேண்டும். ஆனால் வவுச்சரில் அப்படியே கையெழுத்துப் போட்டுவிட்டால் விசாரணைக்கே இடமில்லாமல் போய்விடும். ஒப்புக்கொண்ட பணத்தைக் கொடுப்பதற்கு, ஒப்புக்கொள்ளாத பணத்தைத் தியாகம் செய்யச் சொல்கிறது அந்தத் தாள்.

"எல்லோரும் போடுறதுதான் அண்ணாச்சி, ஒரு பார்மாலிட்டி, போட்டாத்தான் பணம் ரிலீஸ் ஆகும்" என்பார் ஏஜெண்டு. ஒர்க்‌ஷாப்காரர் பில் கட்டாமல் வண்டியை விடமாட்டார். வங்கித் தவணை நிற்கிறது. உழவுக்குச் சொல்லி வைத்தவர்கள் வேறு வண்டியைக் கூப்பிட்டுவிடுவார்கள். இந்த நெருக்கடியில் ஒருவர் கையெழுத்துப் போடுவதைக் குறை சொல்வதற்கில்லை. அப்படியானால் சட்டம் அவரைக் கைவிட்டுவிடுகிறதா?

சுப்ரீம் கோர்ட் சொன்னது

கைவிட்டுவிடவில்லை, ஆனால் சும்மா இருப்பவரைத் தூக்கிவிடவும் இல்லை. மூன்று தீர்ப்புகளைச் சேர்த்துப் பார்த்தால் இது விளங்கும்.

1999-ல் யுனைடெட் இந்தியா இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் அஜ்மீர் சிங் காட்டன் மில்லுக்கும் நடந்த வழக்கில், வவுச்சரில் கையெழுத்திட்டது ஒன்றினாலேயே பாலிசிதாரர் மேற்கொண்டு கேட்கும் உரிமையை இழந்துவிட மாட்டார் என்று சுப்ரீம் கோர்ட் கூறியது. மோசடி, தவறான தகவல், தகாத நிர்ப்பந்தம் இவற்றால் கையெழுத்து வாங்கப்பட்டது என்று காட்டினால் நிவாரணம் உண்டு. இதுவரை படித்தவுடன் பலர் மகிழ்ந்துவிடுவார்கள். ஆனால் அதே வழக்கில் மில் தரப்புக்கு நிவாரணம் கிடைக்கவில்லை. அவர்கள் மனமொப்பிக் கையெழுத்திட்டிருந்தார்கள், நிர்ப்பந்தம் நடந்ததாகப் புகாரிலேயே சொல்லவில்லை, ஆதாரமும் வைக்கவில்லை.

2008-ல் நேஷனல் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் போகரா பாலிஃபேப் என்ற தொழிற்சாலைக்கும் நடந்த வழக்கு, விவசாயியின் நிலைமைக்கு இன்னும் நெருங்கியது. 2004 ஆகஸ்டு மழை வெள்ளத்தில் நஷ்டப்பட்ட தொழிற்சாலை அது. கேட்டதைவிடக் குறைந்த தொகைக்கு, பணம் வருமுன்பே முழுத் தீர்வு என்று வவுச்சர் வாங்கப்பட்டிருந்தது. கோர்ட் ஒரு உதாரணம் சொல்லி விளக்கியது. ஒருவருக்குப் பத்து லட்சம் வரவேண்டும் என்கிறார். கொடுக்க வேண்டியவர் ஆறு லட்சத்தை ஒப்புக்கொள்கிறார். ஆனால் 'ஆறு லட்சத்தை முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கொடுத்தால்தான் அந்த ஆறையும் தருவேன்' என்கிறார். பணமுடையில் இருப்பவர் எழுதிக் கொடுக்கிறார். இது பண நெருக்கடியைப் பயன்படுத்தி வாங்கிய கையெழுத்து. மனமொப்பிய உடன்பாடு ஆகாது என்றது கோர்ட். தேதி போடாமல் முன்கூட்டியே இப்படி ரசீது வாங்கும் வழக்கத்தையும் முறையற்றது, சட்டத்துக்கு ஒவ்வாதது என்று கண்டித்தது. ஆனாலும் அந்த வழக்கிலேயே பணம் கொடுக்கச் சொல்லிவிடவில்லை. நிர்ப்பந்தம் உண்மையா என்பதை மத்தியஸ்தர் விசாரிக்கட்டும் என்றுதான் முடிந்தது.

2014-ல் நியூ இந்தியா அஷூரன்ஸ் கம்பெனிக்கும் ஜீனஸ் பவர் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் கம்பெனிக்கும் நடந்த வழக்கு இதன் மறுபக்கம். அங்கேயும் முழுத் தீர்வு என்று எழுதிக் கொடுத்துவிட்டு, நிர்ப்பந்தம் என்று பிறகு சொன்னார்கள். கையெழுத்திட்ட சமயத்தில் எந்த ஆட்சேபமும் தெரிவிக்கவில்லை. ஏறக்குறைய மூன்று வாரம் கழித்துத்தான் நோட்டீஸ் விட்டார்கள். நிர்ப்பந்தம் எப்படி நடந்தது என்ற விவரமும் இல்லை. 'நிர்ப்பந்தம்' என்று வெறுமனே சொன்னால் போதாது என்று கோர்ட் அவர்கள் கோரிக்கையை ஏற்க மறுத்துவிட்டது.

மூன்றுக்கும் பொதுவான இழை ஒன்றுதான். ஜெயிப்பதும் தோற்பதும் கையெழுத்துப் போட்ட அந்த ஒரு நாளில் என்ன எழுதி வைத்தார் என்பதைப் பொறுத்திருக்கிறது. பெரிய கம்பெனிக்கே மூன்று வார மௌனம் கேடாய் முடிந்தது என்றால், அறுவடை முடியட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று மூன்று மாதம் சும்மா இருக்கும் விவசாயியின் பேச்சு எப்படி எடுபடும்?

இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமும் 2015 செப்டம்பரில் எல்லா ஜெனரல் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. கொடுக்க வேண்டியது என்று முடிவான தொகையை நிறுத்தி வைக்கக் கூடாது; இத்தகைய வவுச்சரில் கையெழுத்திட்டதால் கூடுதல் தொகை கேட்டுக் கோர்ட்டுக்கோ வேறு அமைப்புக்கோ போகும் உரிமை அற்றுப்போகாது என்பது அதன் சாரம். 2016 ஜூனில் அதை மீண்டும் வலியுறுத்தியது. நல்ல சுற்றறிக்கை. ஆனால் சுற்றறிக்கை உள்ளூர் ஆபீசில் மேஜைக்கு அப்பால் உட்கார்ந்திருப்பவரின் ஞாபகத்தில் இருக்குமா என்பது வேறு விஷயம். வழக்கு என்று வந்துவிட்டால், 'இவர் சந்தோஷமாகத்தான் கையெழுத்திட்டார்' என்று கம்பெனி வக்கீல் முதலில் நீட்டுவது அந்த வவுச்சரைத்தான்.

கையெழுத்துக்கு முன்

ஆகவே நம் டிராக்டர் விவசாயி என்ன செய்யலாம்? பணத்தை வேண்டாம் என்று தள்ளிவிட்டு வீறாப்பாக இருக்க வேண்டியதில்லை. அப்படிச் சொல்பவர்கள் ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்கிறவர்கள் அல்லர். ரூ.60,000-ஐ வாங்கிக்கொண்டே ரூ.30,000-ஐயும் உயிரோடு வைத்திருக்க வழி உண்டு.

முதலில் கணக்கைக் கேட்க வேண்டும். 'என் பில் ரூ.1,24,000; நீங்கள் தருவது ரூ.60,000, எந்த எந்த இனத்தில் எவ்வளவு கழித்தீர்கள் என்று எழுத்தில் தாருங்கள், சர்வேயர் அறிக்கையின் நகலும் தாருங்கள்' என்று ஒரு கடிதம். இதற்குப் பயப்பட ஒன்றுமில்லை. சில வேளைகளில் இந்தக் கணக்கைப் பார்த்தவுடனேயே கழித்தது சரி என்று விளங்கிவிடும். தேய்மானக் கழிவைத் தவிர வேறொன்றும் குறையவில்லை என்றால், தகராறு பண்ணாமல் கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்கிக்கொள்வதே உசிதம். பாலிசியில் எழுதியபடி கழித்ததை எதிர்த்து எந்த ஆணையத்துக்குப் போனாலும் அலைச்சல்தான் மிஞ்சும். ஆட்சேபம் என்பது நியாயமான பாக்கிக்குத்தான்.

கணக்குப் பார்த்த பின்னும் ரூ.30,000 நியாயமாக வரவேண்டியது என்று தோன்றினால், வவுச்சரை வாங்கி, படிக்கத் தெரிந்த ஒருவரை வைத்து வரிக்கு வரி வாசிக்கச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். 'ஃபுல் அண்டு ஃபைனல்' என்ற சொற்கள் எங்கே வருகின்றன, 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற பொருளில் வாசகம் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் 'பகுதித் தொகையாக' என்று மாற்றித் தரும்படி கேட்கலாம். மாற்றித் தர மறுத்தால், கையெழுத்துக்கு மேலேயே தம் கையால் எழுத வேண்டியது இவ்வளவுதான்:

'ரூ.60,000 மட்டும் பகுதித் தொகையாக ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன். ஹைட்ராலிக் பாகங்களுக்கான பாக்கி ரூ.30,000-ஐக் கோரும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை.'

கீழே கையெழுத்து, கையெழுத்துடன் தேதி. இதைத் தமிழில் எழுதினால் போதும். எழுதியபின் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டுதான் தாளைக் கையை விட்டு விட வேண்டும்.

'ஆட்சேபத்துடன்' என்ற சொல் நம் விவசாயிகளுக்குப் புதிதல்ல. ரோடு போட, கால்வாய் வெட்ட நிலம் எடுத்தபோது, தாசில்தார் ஆபீசில் நஷ்ட ஈட்டை 'ஆட்சேபத்துடன்' வாங்கியவர்கள்தான் பிறகு கோர்ட்டில் கூடுதல் விலை கேட்க முடிந்தது. பழைய 1894-ம் வருஷத்து நிலம் கையகப்படுத்தும் சட்டத்திலும் அப்படித்தான்; 2013-ம் வருஷத்துப் புதுச் சட்டத்திலும் அந்த விதி தொடர்கிறது. அந்த ஒரு சொல்லை எழுதாமல் வாங்கியவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். அங்கே சட்டமே அந்தச் சொல்லைக் கேட்கிறது. இங்கே அதைச் சட்டம் கேட்கவில்லை என்றாலும், கையெழுத்திட்ட நாளின் மனநிலைக்கு அதைவிட நல்ல சாட்சி வேறில்லை.

சில ஆபீசுகளில், ஆட்சேபம் எழுதிய வவுச்சரை வாங்கவே மாட்டேன் என்று திருப்பிக் கொடுப்பார்கள். அப்போது வேறு வழியில்லாமல் சுத்தமான வவுச்சரில் கையெழுத்திட நேர்ந்தால், அன்றைக்கே ஒரு கடிதம் போக வேண்டும். இன்ன தேதியில், இன்ன ஆபீசில், ஆட்சேபம் எழுதிய வவுச்சரை வாங்க மறுத்தார்கள், ஒர்க்‌ஷாப் பில்லும் வங்கித் தவணையும் நெருக்கியதால் கையெழுத்திட்டேன், ரூ.30,000 பாக்கி இன்ன காரணத்தால் எனக்கு வரவேண்டும் என்று விவரமாக எழுத வேண்டும். நிர்ப்பந்தம் என்ற சொல்லைவிட அதன் விவரந்தான் முக்கியம் என்பதை 2014 தீர்ப்பு காட்டுகிறது. பதிவுத் தபால் 2025 செப்டம்பரிலிருந்து விரைவு அஞ்சலோடு சேர்ந்துவிட்டதால், விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்தலாம். ஈமெயில் அனுப்பத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அதுவும் அன்றே போகட்டும்.

இதைவிட ஆபத்தானது வெற்று வவுச்சர். நஷ்டத்துக்கு மனுக் கொடுக்கும் நாளிலேயே, மற்ற காகிதங்களோடு சேர்த்து, தொகையும் தேதியும் எழுதாத வவுச்சரில் 'பின்னால் அலையவேண்டாம்' என்று கையெழுத்து வாங்கிவிடுவது உண்டு. அலைச்சல் மிச்சந்தான், ஆனால் பிறகு அதில் எந்தத் தொகை ஏறும் என்பது எழுதுகிறவர் கையில். கறவை மாடு இறந்து, காது வில்லையும் டாக்டர் சான்றும் கொண்டு கொடுக்கும்போது இது மிகவும் நடக்கக்கூடியது. துக்கத்தில் யாரும் தாளைப் புரட்டிப் பார்ப்பதில்லை. தொகை இல்லாத தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கவே கூடாது.

அதேபோல், வவுச்சருக்கு முன்பே சர்வேயர் நீட்டும் சம்மதக் கடிதம் ஒன்று உண்டு. 'இந்த மதிப்பீட்டுக்கு நான் சம்மதிக்கிறேன்' என்று நாலே வரி. அதில் கையெழுத்தாகிவிட்டால், பிறகு வவுச்சரில் ஆட்சேபம் எழுதினாலும் 'முன்பே சம்மதித்தவர்தானே' என்ற பேச்சு வரும். சில கம்பெனிகள் இப்போது காகிதத்தை விட்டுவிட்டு, செல்போனுக்கு ஒரு எண்ணை அனுப்பி அதைச் சொல்லச் சொல்கின்றன. அந்த எண்ணைச் சொல்வதும் ஒரு விதத்தில் கையெழுத்துப் போடுவதுதான். எதற்குச் சம்மதம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டபிறகே சொல்ல வேண்டும்.

கம்பெனிகள் தரப்பிலும் ஒரு நியாயம் இல்லாமலில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு ஆண்டுகள் கழித்து மீண்டும் வந்து கேட்டுக்கொண்டே இருந்தால் எந்தக் கணக்கும் முடியாது. உண்மையிலேயே இரு தரப்பும் உட்கார்ந்து பேசி, விவசாயி கொஞ்சம் இறங்கி, கம்பெனி கொஞ்சம் ஏறி, ரூ.75,000-க்கு ஒப்புக்கொண்டால் அது முறையான பைசல். அதற்குப் பிறகு பாக்கி கேட்பது அழகல்ல. சட்டமும் இடம் கொடுக்காது. மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாகி உத்தரவு வாங்கினாலும் அப்படித்தான். அதன்மேல் அப்பீல் கிடையாது. ஆனால் ஒப்புக்கொண்ட ரூ.60,000-ஐ மட்டும் நீட்டிவிட்டு, ஒரு பைசாகூட இறங்கி வராமல், முழுத் தீர்வு என்று எழுதி வாங்குவதைப் பைசல் என்று எப்படிச் சொல்வது? அதில் விட்டுக்கொடுத்தது ஒரு தரப்பு மட்டுமே. தகராறில்லாத தொகைக்கு ஒரு ரசீதும், தகராறு தீர்ந்தபின் இன்னொரு ரசீதும் என்று இரண்டு தாளாகக் கம்பெனிகள் பிரித்துவிட்டால் இந்தத் தொல்லையே இராது. ஒரு தாளின் செலவுதான்.

பாக்கியைக் கேட்குமிடம்

ஆட்சேபம் எழுதி வைத்தாயிற்று, பணமும் வந்தாயிற்று என்றால், அடுத்த வேலை கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் பாக்கியைக் கேட்டு எழுதுவது. ஒரு மாதம் பார்த்தும் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால், சென்னை அண்ணா சாலையில் உள்ள இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் மனுச் செய்யலாம். அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: அவர் சமரசமாக ஒரு தொகையைச் சிபாரிசு செய்து, அதை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால், அது உண்மையாகவே முழுத் தீர்வு.

அதற்குப் பதிலாக மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கும் போகலாம். 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கம்பெனியின் தலைமை ஆபீஸ் எங்கிருந்தாலும், மனுதாரர் குடியிருக்கும் இடத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கெடு இரண்டு ஆண்டு. கம்பெனிக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதிக்கொண்டிருப்பதால் அந்தக் கெடு நீளாது. மனுவோடு வைக்க வேண்டியவை பாலிசி, ஒர்க்‌ஷாப் பில், சர்வேயர் அறிக்கை, ஆட்சேபம் எழுதிய வவுச்சரின் நகல் அல்லது அன்றே அனுப்பிய கடிதமும் தபால் ரசீதும். உடைந்த ஹைட்ராலிக் பாகத்தை ஒர்க்‌ஷாப்காரர் பழைய இரும்புக்குப் போட்டுவிடாமல் கேட்டு வாங்கி, வழக்கு முடியும்வரை வீட்டில் வைத்திருப்பதும் அவசியம். அந்தப் பாகம் தேய்ந்து போனதா, அடிபட்டு உடைந்ததா என்பதை ஒரு இன்ஜினீயரால் பார்த்துச் சொல்ல முடியும்.